75 மைக்ரான் என்றால் எந்த 75? பூச்சு விவரக்குறிப்பைத் தமிழில் எழுதுவது குறித்து

திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் பெல் ஆலையைச் சுற்றி ஏராளமான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இயங்குகின்றன. இப்படிப்பட்ட பட்டறைகளில் தூண், உத்தரம், படிக்கட்டு, கைப்பிடி என்று இரும்பு வேலைகளை வெட்டி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஆர்டருடனும் பூச்சு விவரக்குறிப்பு என்ற ஆவணம் ஒன்று வரும். இரும்பை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும், எந்த பிரைமர், அதன்மேல் எந்தப் பூச்சு, ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரான், எந்த உறுப்புகளை கால்வனைசிங்குக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பவருக்கும் அவருடைய மேஸ்திரிக்கும் அதைத் தமிழில் தர வேண்டும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். பிரைமர், பிளாஸ்டிங், தின்னர், ஹார்டனர், கோட், மைக்ரான், கால்வனைசிங் ஆகியவை எல்லாம் பட்டறையில் தினமும் புழங்கும் சொற்கள். டப்பாவின் மேலும் இவைதான் அச்சாகியிருக்கின்றன. ‘முதன்மைப் பூச்சு’, ‘கடினமாக்கி’ என்று எழுதினால் படிப்பவர் அதைத் திரும்ப மனத்துக்குள் பிரைமர், ஹார்டனர் என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். பெயர்ச்சொற்கள் அப்படியே இருக்கட்டும். கவனத்தையெல்லாம் எண்ணைச் சுற்றி நிற்கும் சொற்களில் செலவிடுங்கள். குறைந்தது, சராசரி, ஒவ்வொரு, மொத்தம், தவிர போன்ற சிறிய சொற்கள்தான் ஒரு உத்தரம் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, நடைமுறையில் அடிக்கடி வரும் ஒரு பூச்சு முறையைப் பார்ப்போம். துகள்களை வேகமாக வீசி, துரு ஏறத்தாழ முழுவதும் நீங்கும் எஸ்ஏ 2½ தரத்துக்கு இரும்பை பிளாஸ்டிங் செய்ய வேண்டும். அதன்மேல் ஜிங்க் எபாக்சி பிரைமர் 75 மைக்ரான், நடுக்கோட்டாக எபாக்சி 125 மைக்ரான், மேல்கோட்டாக பாலியூரித்தேன் 60 மைக்ரான். மொத்தம் 260 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான் உண்டு என்பதால், மூன்று கோட்டும் சேர்ந்தும் கால் மில்லிமீட்டரைச் சற்றுதான் தாண்டும். இந்த எண்கள் எல்லாம் பெயின்ட் காய்ந்த பிறகு இருக்க வேண்டிய தடிமன். பட்டறையில் இதை டிஎஃப்டி என்பார்கள். ‘உலர் தடிமன்’ என்று எழுதினாலும் எல்லோருக்கும் புரியும்.

ஆங்கில ஆவணத்தில் இந்த 75-க்கு முன்னால் பெரும்பாலும் ‘நாமினல்’ என்ற சொல் நிற்கும். கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் ‘பெயரளவு’ என்று இருக்கும். இந்த இடத்தில் அதை எழுதவே கூடாது. ‘பெயரளவுக்கு அடித்தான்’ என்றால் ஒப்புக்கு அடித்தான் என்றுதான் நமக்குப் பொருள். ‘பெயரளவு உலர் தடிமன் 75 மைக்ரான்’ என்று படிக்கும் மேஸ்திரி, 75 கண்டிப்பான எண் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தால் பிழை அவருடையது அல்ல. நான் ‘குறித்த தடிமன்’ என்று எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லும் தனியாக நின்றால் போதாது. அதற்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. அதையும் வெளியே எடுத்துத் தமிழில் எழுத வேண்டும்.

அந்த விதி ஐஎஸ்ஓ 19840 என்ற தரநிலையில் இருக்கிறது. ஆவணம் அந்தத் தரநிலையைச் சொன்னால், குறித்த தடிமன் 75 என்பதன் பொருள் இதுதான்: எல்லா அளவீடுகளின் சராசரி 75-க்குக் குறையக் கூடாது. எந்த ஒரு அளவீடும் 75-இல் 80 சதவீதத்துக்கு, அதாவது 60-க்குக் கீழே போகக் கூடாது. 60-க்கும் 75-க்கும் இடையில் விழும் அளவீடுகளை ஏற்கலாம், ஆனால் அவை மொத்த எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்த அளவீடும் ஆவணம் சொல்லும் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. ஒரே எண்ணுக்குப் பின்னால் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன.

இதைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும்? ஓர் உத்தரத்தில் பிரைமர் காய்ந்தபின் பத்து இடங்களில் அளந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த எண்கள்: 82, 78, 91, 66, 80, 85, 77, 58, 88, 79. கூட்டினால் 784, சராசரி 78.4.

தமிழ்த் தாளில் ‘சராசரி 75 மைக்ரான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மேஸ்திரி இதைத் தேர்ச்சி என்று குறித்து அடுத்த கோட்டுக்கு அனுப்பிவிடுவார். ‘குறைந்தது 75 மைக்ரான்’ என்று எழுதியிருந்தால் 66, 58 ஆகிய இரண்டு இடங்களையும் தவறு என்று வட்டமிடுவார். விதிப்படி பார்த்தால் 58 மட்டும்தான் அடியோடு ஏற்க முடியாதது, ஏனென்றால் அது 60-க்குக் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் மீண்டும் அடித்து 81-க்குக் கொண்டுவந்தால், 75-க்குக் கீழே பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். சராசரி 80.7 ஆகிவிடும். 66 அப்படியே இருக்கலாம், உத்தரம் தேறும். அதே 58-ஐ அரைகுறையாகத் திருத்தி 62-க்கு மட்டும் கொண்டுவந்தால், 60-ஐத் தாண்டிவிட்டாலும் பத்தில் இரண்டு 75-க்குக் கீழே நிற்கும். அது சரியாக 20 சதவீதம். விதியோ 20-க்கும் குறைவு என்கிறது. ஆகவே உத்தரம் தேறாது. ஒரே பத்து எண்களுக்கு மூன்று விதமான தமிழ் வாக்கியங்கள் மூன்று தீர்ப்புகளைத் தருகின்றன.

‘குறைந்தது’ என்று எழுதினால் கூடுதல் பாதுகாப்புதானே என்று சிலர் கேட்பார்கள். அப்படி இல்லை. எந்த இடத்திலும் 75-க்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டால் பெயின்டர் பயந்துபோய் எல்லா இடத்திலும் நூற்றுக்கு மேல் அடிப்பார். மூலையிலும் வெல்டிங் ஓரத்திலும் அது இன்னும் ஏறிவிடும். ஜிங்க் சிலிகேட் பிரைமரை இப்படித் தடிமனாக அடித்தால் வறண்ட ஏரிச் சேறு போல வெடிப்பு விழும். பிறகு அந்த இடத்தைத் திரும்ப பிளாஸ்டிங் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே உச்சவரம்பு மூல ஆவணத்தில் இருந்தால் தமிழில் அது 75-க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பத்து பக்கம் தள்ளி அல்ல. மூலத்தில் அது இல்லையென்றால் நீங்களாக எழுதாதீர்கள், ஆர்டர் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இங்கே இன்னொன்றும் உண்டு. ஆவணம் அமெரிக்கத் தரநிலையான எஸ்எஸ்பிசி பிஏ 2-ஐச் சொன்னால் கணக்கு வேறு. அதில் ஒரே இடத்தில், சுமார் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள், மூன்று முறை மீட்டரை வைத்து அதன் சராசரியை ஒரு ‘புள்ளி’ என்று கொள்வார்கள். அப்படி 10 சதுர மீட்டருக்கு ஐந்து புள்ளிகள். ஆகவே ‘அளவீடு’ என்ற சொல்லும் ‘புள்ளி’ என்ற சொல்லும் ஒன்றல்ல. ஒரு தாளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால், மீட்டர் வைத்திருப்பவர் ஒருமுறை வைத்துப் பார்த்து வந்த எண்ணையே புள்ளி என்று பதிவு செய்வார். எந்தத் தரநிலை என்று பார்த்து, அதற்குரிய சொல்லை மட்டும் தாள் முழுக்கப் பயன்படுத்துங்கள். அமெரிக்க ஆவணங்களில் ‘மில்’ என்ற அலகும் வரும். ஒரு மில் என்பது 25.4 மைக்ரான். அதை மில்லிமீட்டரின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் தமிழ்த் தாளில் எல்லாவற்றையும் மைக்ரானிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

இனி பெயின்டரின் பக்கம் வருவோம். ஆவணம் உலர் தடிமனைச் சொல்கிறது. அவர் கையில் இருப்பதோ ஈரமான பெயின்ட். அடித்தவுடன் பல் வைத்த சிறு தகட்டை, அதாவது ஈரத் தடிமன் சீப்பை, பதித்துப் பார்ப்பதுதான் அவரால் முடியும். ஆகவே அவருக்கு வேண்டிய எண் ஈரத் தடிமன். பெயின்டில் தின்னரும் மற்ற கரைப்பான்களும் ஆவியாகப் போய்விட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதை டப்பாவுடன் வரும் தரவுத்தாள் ‘கன அளவில் திடப்பொருள்’ என்று சதவீதத்தில் சொல்லும். நம் ஜிங்க் எபாக்சி பிரைமருக்கு அது 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்:

ஈரத் தடிமன் = 75 ÷ 0.60 = 125 மைக்ரான்

கன அளவில் 5 சதவீதம் தின்னர் கலந்தால் 125-ஐ 1.05-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 131 வரும். தரவுத்தாளில் எடைப்படியான சதவீதமும் இருக்கக்கூடும். ஜிங்க் கனமானது என்பதால் அந்த எண் மிகப் பெரிதாக இருக்கும். அதைத் தவறுதலாக எடுத்து வகுத்தால் பெயின்டர் மெல்லிதாக அடித்துவிடுவார். இந்தக் கணக்கை மொழிபெயர்ப்பவர் செய்து பார்க்கலாம், ஆனால் தாளில் ஏற்றும் முன் பூச்சு ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். மூலத்தில் இல்லாத எண் அது.

அடுக்கடுக்காக அடிக்கும்போது மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமனைத்தான். அது காந்தத்தால் இரும்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறியும் கருவி. நடுக்கோட் முடிந்தபின் வைத்துப் பார்த்தால் 125 அல்ல, 200 காட்ட வேண்டும். மேல்கோட்டும் முடிந்தால் 260. ஆகவே ஒவ்வொரு கோட்டின் எண்ணுக்கும் பக்கத்தில் ‘இதுவரை மொத்தம்’ என்று 75, 200, 260 ஆகியவற்றையும் எழுத பூச்சு ஆய்வாளரிடம் ஒப்புதல் கேளுங்கள். அது இல்லாத தாளை வைத்துக்கொண்டு, நடுக்கோட்டுக்குப் பிறகு 130 காட்டியதும் சரியாகிவிட்டது என்று நிறுத்தினால், உண்மையில் அங்கே நடுக்கோட் 55 மைக்ரான்தான் இருக்கும்.

கால்வனைசிங் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு வேலை. இரும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, ஃபிளக்ஸில் நனைத்து, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகியிருக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். துத்தநாகமும் இரும்பும் கலந்த உலோகக் கலவை அடுக்குகள் இரும்போடு ஒட்டி உருவாகும். ஜிங்க் பிரைமர் என்பதோ துத்தநாகத் தூள் நிறைந்த பெயின்ட். நட்டு, போல்ட்டுகளுக்கு மின்சாரத்தால் துத்தநாகம் படிய வைப்பது மூன்றாவது வகை, அது மிக மெல்லியது. இந்த மூன்றையும் ‘துத்தநாகப் பூச்சு’ என்ற ஒரே பெயரில் எழுதியிருக்கும் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை நம்பினால் தொட்டியில் முக்க வேண்டிய கைப்பிடிக்கு ஜிங்க் பிரைமர் அடித்து முடித்துவிடுவார்கள். கால்வனைசிங், ஜிங்க் பிரைமர், ஜிங்க் பிளேட்டிங் என்று மூன்று பெயர்களையும் தனித்தனியாக வைத்திருங்கள்.

கால்வனைசிங்குக்கான எண்களிலும் இரண்டு விதம் உண்டு. ஐஎஸ்ஓ 1461 என்ற தரநிலை, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள இரும்புக்குச் சராசரியாகக் குறைந்தது 85 மைக்ரானும், எந்த ஒரு அளவிடும் பகுதியிலும் குறைந்தது 70 மைக்ரானும் கேட்கிறது. இதே 85 மைக்ரான் சில ஆவணங்களில் சதுர மீட்டருக்கு 610 கிராம் என்று எடையாக வரும். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் ஏறத்தாழ 14 மைக்ரான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 610 கிராம் ஒரு பக்கத்து மேற்பரப்புக்கானது. கடையில் சுருளாக வரும் ஜிஐ தகட்டில் 275 என்று எழுதியிருப்பது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரானை ஒட்டித்தான் வரும். கிராம் கணக்கை மைக்ரானாக மாற்றும்போது ஒரு பக்கமா, இரு பக்கமா என்பதைத் தமிழில் எழுதாமல் விடக் கூடாது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் கவலை தரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. ‘கால்வனைசிங் செய்யப்பட்ட உறுப்புகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும்’ என்பதுதான் அது. ஆங்கிலத்துக்கு நேரான தமிழ், இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தத் தாள் பட்டறையில் படிக்கப்படும்போது எந்த உறுப்பும் இன்னும் கால்வனைசிங் செய்யப்பட்டிருக்காது. எல்லாம் கறுப்பு இரும்பாகவே கிடக்கும். மேஸ்திரி சுற்றிப் பார்க்கிறார், வெள்ளியாக மின்னும் உறுப்பு எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் பிரைமர் அடிக்கச் சொல்கிறார். அப்படி அடித்ததை கால்வனைசிங் ஆலைக்கு அனுப்பினால் அங்கே இருக்கும் அமிலம் துருவை அகற்றும், பெயின்டை அகற்றாது. பெயின்ட் இருந்த இடத்தில் துத்தநாகம் பிடிக்காமல் வெற்றுத் திட்டுகள் விழும். எண்ணெய் பெயின்டில் எழுதிய அடையாள எண்ணும், சுரண்டாமல் விட்ட வெல்டிங் கசடும்கூட இதே பாதிப்பைத் தரும்.

ஆகவே ‘கால்வனைசிங்குக்குப் போகவிருக்கும் உறுப்புகளுக்கு பிரைமர் அடிக்கக் கூடாது’ என்று தனி வாக்கியமாக, முதலிலேயே எழுதுங்கள். வரைபடத்தில் உள்ள உறுப்பு எண்களையும் அதன் கீழேயே தாருங்கள். இன்னும் ஒரு வரி இதனோடு சேர வேண்டும், அது வெல்டருக்கானது. குழாய், பெட்டி வடிவக் குழல் போன்ற மூடிய உறுப்புகளில் காற்றும் துத்தநாகமும் வெளியேறத் துளை இட வேண்டும். மூடிய குழலுக்குள் சிக்கிய ஈரம் 450 டிகிரியில் நீராவியாகி வெடிக்கும், தொட்டி அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. மூல ஆவணத்தில் இந்தத் துளை பற்றிய வரி பெரும்பாலும் பூச்சுப் பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியை வெல்டர் பார்க்க மாட்டார். தமிழில் அதை வெல்டருக்கான தாளில் வைக்க வேண்டும், துளையின் அளவும் இடமும் வரைபடத்தில் உள்ளபடி.

கால்வனைசிங் ஆகித் திரும்பி வந்ததன்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லும் ஆவணங்களும் உண்டு, கடலோர வேலைகளில் குறிப்பாக. அங்கே சொல்லப்படும் பிளாஸ்டிங், குறைந்த அழுத்தத்தில் உலோகமல்லாத மணலை மேலோட்டமாக வீசி மினுமினுப்பை மட்டும் போக்குவது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. தமிழில் வெறுமனே ‘பிளாஸ்டிங்’ என்று எழுதினால், பழகிய கை எஸ்ஏ 2½-க்கு அடித்துத் துத்தநாகத்தையே உரித்துவிடும். ‘லேசான பிளாஸ்டிங், துத்தநாகம் போகக் கூடாது’ என்று விரித்து எழுதுங்கள். தடிமனிலும் கவனம் வேண்டும். துத்தநாகம் 90, அதன்மேல் பெயின்ட் 80 என்றால் சாதாரண காந்த மீட்டர் 170 காட்டும். ‘80 மைக்ரான்’ என்று மட்டும் எழுதிய தாளோடு அளப்பவர் 110 பார்த்தாலே நிறைவடைந்துவிடுவார், ஆனால் அங்கே இருக்கும் பெயின்ட் 20 மைக்ரான்தான். பெயின்டுக்கு முன் துத்தநாகத்தை அளந்து எழுதிவைத்து, பிறகு கழிக்கச் சொல்ல வேண்டும்.

தாளை அமைக்கும் விதத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆங்கில ஆவணம் ‘செய்யப்பட வேண்டும்’ என்று செயப்பாட்டில் எழுதிப் போகும், யார் செய்வது என்று சொல்லாது. வெல்டர், பிளாஸ்டிங் ஆள், பெயின்டர், ஆய்வாளர் என்று நான்கு தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அவர் செய்ய வேண்டியதை மட்டும் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். கட்டாயம், பரிந்துரை என்ற வேறுபாட்டை ஆங்கிலம் இரண்டு துணைவினைகளால் காட்டுகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘வேண்டும்’ போட்டுவிடுகிறோம். கட்டாயமானதற்கு ‘கட்டாயம்’ என்றே எழுதுங்கள், மற்றதற்கு ‘செய்வது நல்லது’ என்று எழுதுங்கள். இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருந்தால்தான் பெயின்ட் அடிக்கலாம் என்ற வரி முதல் வகை. மார்கழி விடியற்காலையில் பெயின்டரைக் காத்திருக்கச் சொல்வது இந்த வரிதான்.

தாளை முடித்ததும் மேஸ்திரியிடம் கொடுத்து, ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், புரிகிறது என்றுதான் சொல்வார். மேலே பார்த்த பத்து எண்களைப் போல ஒரு பட்டியலைக் கொடுத்து, ‘அண்ணே, இதில் எந்த இடத்தைத் திருப்பி அடிக்கச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் 58-ஐ மட்டும் காட்டினால் தாள் சரி. 66-ஐயும் சேர்த்துக் காட்டினாலோ, எதையுமே காட்டாவிட்டாலோ வாக்கியத்தைத் திருத்துங்கள். கடைசியாக, ஒவ்வொரு தமிழ்த் தாளின் தலையிலும் மூல ஆவணத்தின் எண்ணையும் திருத்த எண்ணையும் இட்டு, முரண்பாடு வந்தால் ஆங்கில மூலமே செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூலத்தில் பிரைமர் 75-இலிருந்து 60-க்கு மாறினால், சுவரில் ஒட்டிய பழைய தமிழ்த் தாளை அன்றைக்கே கிழித்தெடுக்க யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் பெயரும் தாளிலேயே இருக்கட்டும்.